ஒரு 'இல்லை'க்கு இரண்டு 'ஆம்'

1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 149 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்து 75 பேர். ஆதரவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மசோதா தோற்றது.

அது மன்னர் மானியத்தை ஒழிக்க வந்த மசோதா. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது, ஆட்சியைக் கைவிட்ட மன்னர்களுக்கு ஆண்டுதோறும் வரியில்லாமல் ஒரு தொகை தருவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வாக்குறுதி அரசியல் சட்டத்திலேயே 291ஆம் பிரிவாக எழுதப்பட்டிருந்தது. சாதாரணச் சட்டம் போட்டு அதை நீக்க முடியாது, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். 1969இல் காங்கிரஸ் பிளந்த பிறகு இந்திரா காந்தியின் அரசுக்குச் சொந்தப் பெரும்பான்மை இல்லை. திமுகவும் கம்யூனிஸ்டுகளும் கொடுத்த ஆதரவில்தான் அது நின்றது. அப்படியிருந்தும் செப்டம்பர் 2 அன்று மக்களவையில் மசோதா 332க்கு 154 என்று நிறைவேறியது. மூன்று நாள் கழித்து மாநிலங்களவையில் சறுக்கியது.

அரசியல் சட்டத்தின் 368ஆம் பிரிவு, இப்படிப்பட்ட திருத்தத்துக்கு அவையில் 'இருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத' ஆதரவு வேண்டும் என்கிறது. வாக்களித்தவர்கள் 149ம் 75ம் சேர்ந்து 224 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. மனிதர்களைப் பின்னத்தில் எண்ண முடியாது என்பதால் 150 தேவை. கிடைத்தது 149. மூன்றில் ஒரு பங்கு ஆள் குறைந்ததால் மசோதா விழுந்தது என்று கணக்குப்படி சொல்லலாம்.

இந்தக் கணக்கை வகுத்தலே இல்லாமல் போட ஒரு வழி உண்டு. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு 'ஆம்' என்றால், மீதி ஒரு பங்குதான் 'இல்லை'. அதாவது 'ஆம்' வாக்குகள் 'இல்லை' வாக்குகளைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 75ஐ இரட்டித்தால் 150. கையில் 149. மக்களவையில் 154ஐ இரட்டித்தால் 308, கையிலோ 332, அதனால் தாராளமாகத் தாண்டியது. 2024 டிசம்பரில் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தபோது 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் அது நடந்தது. ஆனால் அதே வாக்குகள் நிறைவேற்றும் நாளில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க 198ஐ இரட்டித்தால் போதும். 396 வேண்டும், 269 எங்கே நிற்கிறது!

இப்படிப் பார்த்தால்தான் மூன்றில் இரண்டு பங்கு என்பதன் உண்மையான குணம் தெரிகிறது. பாதிக்கு மேல் என்ற விதியில் ஒரு 'ஆம்'மும் ஒரு 'இல்லை'யும் ஒரே எடை. மூன்றில் இரண்டு என்றால் ஒரு 'இல்லை' இரண்டு 'ஆம்'களின் எடை. நான்கில் மூன்று என்றால் மூன்று 'ஆம்'களின் எடை. இதை நம் கம்பெனிச் சட்டம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீதம் வேண்டும் என்று சொல்வதில்லை. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப்போல் மும்மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. எல்லா விதிகளையும் இப்படி எழுதினால் 'கடுமையான பெரும்பான்மை' என்ற மரியாதையான சொல்லுக்குள் யாருக்கு எத்தனை வாக்கு என்பது வெளியே தெரிந்துவிடும்.

1970இன் எண்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். எதிர்த்த 75 பேரில் ஒருவர் வாக்கெடுப்பு நேரத்தில் வெளியே இருந்திருந்தால்? எதிர்ப்பு 74, இரட்டித்தால் 148, மசோதா நிறைவேறியிருக்கும். அவர் ஆதரவாக மாற வேண்டியதில்லை, வராமல் இருந்தாலே போதும். மாறாக, ஆதரவாளர் ஒருவர் கூடுதலாக வந்து 150க்கு 75 என்று ஆகியிருந்தால்? இது சரியாக மூன்றில் இரண்டு. சட்டம் 'குறையாத' என்று சொல்வதால் நிறைவேறியிருக்கும். 'மூன்றில் இரண்டுக்கு மேல்' என்று எழுதியிருந்தால் அப்போதும் தோற்றிருக்கும். 'குறையாமல்', 'மேல்' என்ற இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆள்தான். ஆனால் ஓர் ஆளில் முடிவு தொங்கும் நாட்கள் வரத்தான் செய்கின்றன. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று கவிழ்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சதவீதத்தில் எழுதும் பழக்கம் இன்னொரு பொறி. நிறைய சங்க விதிகளில் மூன்றில் இரண்டு பங்கு என்பதை '66 சதவீதம்' என்று சுருக்கி எழுதுகிறார்கள். 224இல் 66 சதவீதம் 147.84, அதாவது 148 பேர் போதும். அந்த விதி இருந்திருந்தால் 149 வாக்கு வாங்கிய மசோதா ஜெயித்திருக்கும். அன்று அதற்குக் கிடைத்த ஆதரவு 66.5 சதவீதம். 67 சதவீதம் என்று எழுதினால் மறுபக்கம் பிசகும். 150க்கு 75 என்ற வாக்குகூட அதில் தோற்கும், ஏனெனில் 225இல் 67 சதவீதம் 150.75. அதேபோல் பாதிக்கு மேல் என்பதை '50 சதவீதம் கூட்டல் ஒன்று' என்று பலரும் சொல்கிறோம். இரட்டைப்படை எண்ணில் இது சரி. 225 பேர் வாக்களித்தால் பாதி 112.5. ஒன்றைக் கூட்டினால் 113.5, ஆகவே 114 வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். பாதிக்கு மேல் என்றால் 113 போதும். தேர்தல் முடிந்த பிறகு இந்தச் சண்டை வந்தால் யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

இந்தக் கடுமை யாருக்குச் சாதகம்? சிறுபான்மைக்குப் பாதுகாப்பு என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. கடுமையான விதி காப்பது இப்போது இருக்கும் ஏற்பாட்டை. 1970இல் மானியம் நடைமுறையில் இருந்தது, அதை நீக்க வந்தவர்கள் இரண்டு மடங்கு திரட்ட வேண்டியிருந்தது. மானியமே இல்லாத நாட்டில், மன்னர்களுக்குப் பணம் தரலாமா என்று திருத்தம் கொண்டுவந்திருந்தால், அதே 149 பேர் எதிர்க்க, அதே 75 பேர் ஆதரிக்க, அது பேச்சுக்கே நின்றிருக்காது. அதே மனிதர்கள், அதே கருத்துகள், அதே விதி. முடிவு மட்டும் தலைகீழ். நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு சிறுபான்மையைக் காப்பதாக இருந்தால் கடுமை சிறுபான்மைக்கு அரண். அவர்களை ஒடுக்குவதாக இருந்தால் அதே கடுமை பூட்டு.

368ஆம் பிரிவில் உண்மையில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்பது ஒன்று. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது தேவையற்றதுபோல் தோன்றும், மூன்றில் இரண்டு கிடைத்தவனுக்குப் பாதி கிடைக்காதா என்று. பங்கு எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாவதில் வராதவர் கணக்கிலேயே இல்லை. இரண்டாவதில் வராதவரும் பகுதியில் இருக்கிறார், அதனால் அவர் 'இல்லை' என்று சொன்னதற்குச் சமம்.

இன்றைய மக்களவையை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 543 இடங்கள். பாதிக்கு மேல் என்றால் 272. வாக்களிப்பவர்கள் 300 பேர்தான் என்றால் அதில் மூன்றில் இரண்டு 200, ஆனால் 272 இல்லாமல் நகராது. 408 பேர் வாக்களித்தால் மூன்றில் இரண்டும் 272 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை பேர் வந்தாலும் முதல் நிபந்தனைதான் பிடித்து நிறுத்தும். 543 பேரும் வாக்களித்தால் 362 வேண்டும். ஆக, அரசியல் சட்டத்தைத் திருத்த எத்தனை பேர் தேவை என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 272 முதல் 362 வரை எதுவாகவும் இருக்கலாம், அதைத் தீர்மானிப்பவர்கள் எதிர்த்து வாக்களிக்க வருகிறவர்கள். எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டு வெளிநடப்பு செய்தால் தொலைக்காட்சியில் நன்றாக இருக்கும். கணக்கில் அவர்கள் ஒவ்வொருவரும் ஆளுங்கட்சிக்கு இரண்டு வாக்குகளைத் தள்ளுபடி செய்துவிட்டுப் போகிறார்கள், 272 என்ற தரை வரும் வரைக்கும். திருத்த மசோதாவின்மேல் கோபம் இருப்பவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் எழுந்து போவது.

மன்னர் மானியத்துக்கு என்ன ஆனது? மாநிலங்களவையில் தோற்ற மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றின் மூலம் எல்லா மன்னர்களின் அங்கீகாரமும் ரத்து செய்யப்பட்டது. வாசல் வழியாக முடியாததைச் சன்னல் வழியாகச் செய்த முயற்சி அது. மாதவராவ் சிந்தியா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு டிசம்பர் 15 அன்று ஆணையைச் செல்லாது என்றது. அந்த மாத இறுதியில் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் இந்திரா காந்தி பெருவெற்றி பெற்றுத் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் 26ஆம் திருத்தமாக மானிய ஒழிப்பு நிறைவேறியது. கடுமையான விதி மானியத்தைக் காப்பாற்றவில்லை, சுமார் பதினைந்து மாதம் தள்ளிப்போட்டது. இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. என்னைக் கேட்டால், மூன்றில் இரண்டு பங்கு விதி செய்யக்கூடிய நல்ல வேலை இதுதான். உறுதியான பெரும்பான்மையை அது என்றென்றைக்கும் தடுப்பதில்லை, மக்களிடம் ஒருமுறை போய்விட்டு வா என்கிறது.

இதுவரை பார்த்தது வாக்குகளைப் பற்றி. வருகையைப் பற்றிய விதி தனி. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை அரசு ஆவணங்கள் 'குறைவெண் வரம்பு' என்கின்றன, பேச்சில் எல்லோரும் கோரம் என்கிறோம். நாடாளுமன்றத்துக்கு அது பத்தில் ஒரு பங்கு. மக்களவையில் 55 பேர். ஆக, 55 பேர் இருக்கும் ஒரு மந்தமான மாலையில் 28 பேர் கை தூக்கி நாட்டுக்கே ஒரு சட்டம் போடலாம், 543இல் அது இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவு. 55 பேர் இல்லை என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னால் மணி அடிப்பார்கள். யாரும் சொல்லாவிட்டால் அவை தன்பாட்டுக்கு நடக்கும். தமிழ்நாட்டுக் கிராம சபைகளுக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 50, 100, 200, 300 என்று நான்கு வரம்புகள். கூட்டத்தில் கையெழுத்து நோட்டைச் சுற்றுக்கு விடுவது அதற்காகத்தான்.

வரம்பு மிகக் குறைவாக இருந்தால் சிலரே எல்லோருக்கும் முடிவெடுத்துவிடுவார்கள், இது எவருக்கும் புரியும். அதனால் வரம்பை உயர்த்து என்று சொல்லத் தோன்றும். உயர்த்தினால் வரும் ஆபத்து அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. அதைக் காட்ட இத்தாலி நல்ல இடம்.

இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்க மக்களே வாக்கெடுப்பு கோரலாம். அது செல்லுபடியாக வேண்டுமானால் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் வாக்களித்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. 1999 ஏப்ரல் 18 அன்று தேர்தல் முறையை மாற்றுவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 91 சதவீதத்துக்கும் மேல் மாற்றத்தை ஆதரித்தார்கள். வந்து வாக்களித்தவர்களோ 49.6 சதவீதம். அரை சதவீதத்துக்கும் குறைவான இடைவெளியில் வாக்கெடுப்பு செல்லாமல் போனது.

இதில் எதிர்ப்பாளர்கள் எங்கே போனார்கள்? ஒரு சின்ன ஊரை வைத்துக் கணக்குப் போடலாம். வாக்காளர் 1,000 பேர். 450 பேர் ஆதரவு, 300 பேர் எதிர்ப்பு, 250 பேருக்கு இதில் அக்கறையே இல்லை, எப்படியும் வரமாட்டார்கள். செல்லுபடியாக 501 பேர் வர வேண்டும். எதிர்ப்பாளர்கள் கடமை உணர்வோடு வந்து வாக்களித்தால் மொத்தம் 750 பேர், வாக்கெடுப்பு செல்லும், 450க்கு 300 என்று அவர்கள் தோற்பார்கள். வீட்டிலேயே இருந்தால் வந்தவர்கள் 450 பேர்தான், வாக்கெடுப்பு செல்லாது, அவர்கள் ஜெயிப்பார்கள். வாக்களிக்கப் போவதால் தோற்பதும் போகாததால் ஜெயிப்பதும் எந்த வாக்குமுறைக்கும் பெரிய கோளாறு. அக்கறையற்ற 250 பேரும் தங்களுக்கே தெரியாமல் எதிரணியில் சேர்க்கப்பட்டுவிடுகிறார்கள். இத்தாலியில் அரசியல் கட்சிகள் தங்களுக்குப் பிடிக்காத வாக்கெடுப்புகளில் 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று கேட்பதைவிட 'கடற்கரைக்குப் போங்கள்' என்று சொல்வது இதனால்தான். இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எதிர்ப்பாளர் எவரும் சாவடிக்குப் போவதில்லை என்று ஆகிவிட்டால், போகிறவர் ஆதரவாளர் என்பது தெருவுக்கே தெரியும். வாக்கின் ரகசியம் போய்விடுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதே வித்தை உறுப்பினர்கள் மட்டத்தில் நடக்கிறது. அங்கே கீழவையில் 150 பேர், கோரம் மூன்றில் இரண்டு, அதாவது 100. சாதாரண மசோதாவுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஆனால் 51 பேர் மாயமாகிவிட்டால் அவையே கூட முடியாது. வாக்கெடுப்பில் இல்லாத மூன்றில் இரண்டு விதி கோரம் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. 2003இல் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் நகருக்குப் போய்த் தங்கினார்கள், டெக்சாஸ் காவலர்கள் எல்லை தாண்டி வந்து பிடித்துக்கொண்டு போக முடியாது என்பதால். 2021இல் வாஷிங்டனுக்கும் 2025இல் இல்லினாய்க்கும் போனார்கள். மூன்று முறையும் கடைசியில் மசோதா நிறைவேறியது. வீட்டையும் வேலையையும் விட்டு எத்தனை வாரம் விடுதியில் இருக்க முடியும்?

இத்தாலியின் கோளாறுக்கு மாற்று இருக்கிறது. வந்தவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல், ஆதரவு வாக்குகளுக்கு வரம்பு வைப்பது. மொத்த வாக்காளர்களில் இத்தனை பங்கு 'ஆம்' என்று சொல்லியிருக்க வேண்டும், அத்துடன் 'இல்லை'யைவிட அது அதிகமாகவும் இருக்க வேண்டும். நம் சின்ன ஊரில் அது 40 சதவீதம் என்றால் 400 வேண்டும். ஆதரவாளர் 450 பேர் வந்துவிட்டால், எதிர்ப்பாளர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த எண் மாறாது. ஒளிந்துகொண்டு ஜெயிக்க வழியில்லை. 368ஆம் பிரிவின் இரண்டாவது நிபந்தனையும் இந்த வகைதான்.

இந்த மாற்றும் சுத்தமானதல்ல என்று காட்டியது ஸ்காட்லாந்து. 1979 மார்ச் 1 அன்று, தனக்கென ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று அங்கே மக்களிடம் கேட்டார்கள். 12,30,937 பேர் ஆம் என்றார்கள், 11,53,502 பேர் இல்லை என்றார்கள். 51.6 சதவீதம், பாதிக்கு மேல். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. கிடைத்தது 32.9 சதவீதம். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் இங்கே கணக்கில் வரும். இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு ஊரில் பதிவானவர் எல்லோரும் நீக்கப்படும் வரை 'இல்லை' சொன்னவர்கள்தான். அப்போது பட்டியலில் சில கழிவுகள் செய்தார்கள், ஆனால் 33க்கும் 40க்கும் இடையே இருந்தது அதைவிடப் பெரிய பள்ளம். சட்டமன்றம் கைகூடாத கோபத்தில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மனு கொடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தீர்மானம் மார்ச் 28 அன்று 311க்கு 310 என்று நிறைவேறி, ஜேம்ஸ் காலகன் அரசு விழுந்தது. மே மாதத் தேர்தலில் தாட்சர் பிரதமரானார். ஒரு மாதத்துக்குள் அதே நாட்டில் 77,000 வாக்கு வித்தியாசம் போதாமல் போனது, ஒரு வாக்கு வித்தியாசம் அரசையே மாற்றியது. 1997இல் மறுபடி கேட்டபோது 40 சதவீத வரம்பு வைக்கவில்லை. வைத்திருந்தாலும் தாண்டியிருப்பார்கள், 60 சதவீதம் பேர் வந்து அவர்களில் 74 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

கடுமையான விதியை எழுதிவிட்டு, அது முட்டுக்கட்டை போட்டால் என்ன செய்வது என்று பயந்து கூடவே ஒரு பின்வாசல் வைப்பவர்கள் உண்டு. அந்தப் பின்வாசல் முன்வாசலையே மாற்றிவிடும் என்பதற்குப் போப் தேர்தல் உதாரணம். 1159இல் கர்தினால்கள் பிளவுபட்டு இரண்டு பேரைப் போப்பாக அறிவித்தார்கள். அந்தச் சண்டை ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. அதில் ஒரு தரப்பாக இருந்து வென்ற மூன்றாம் அலெக்சாண்டர் 1179இல் கூட்டிய சபை, இனிமேல் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விதித்தது. தோற்ற தரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்றால் போட்டிப் போப்பை நிறுத்தும் தெம்பும் அவர்களுக்குக் குறையும். 1945இல் பன்னிரண்டாம் பயஸ் இதைக் கூட்டல் ஒன்று ஆக்கினார், வேட்பாளர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வாக்கு முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக.

1996இல் இரண்டாம் ஜான் பால், முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் நடந்தும் முடிவு வராவிட்டால், பாதிக்கு மேற்பட்ட கர்தினால்கள் விரும்பினால் பாதிக்கு மேல் என்ற விதிக்கு மாறிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் 115 பேர் கொண்ட சபையில் ஒருவருக்கு 60 பேர் ஆதரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு பங்கு விதியில் அவர் இன்னும் 17 பேரை மறுதரப்பிலிருந்து ஈர்க்க வேண்டும், அல்லது இரு தரப்பும் ஒப்பும் மூன்றாம் ஆளைத் தேட வேண்டும். புதிய விதியில் அந்த 60 பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். சில வாரம் கழித்து அவர்களே விதியை மாற்றி அவரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இது எதிர்த்தரப்புக்கும் தெரியும் என்பதால் அவர்கள் முதல் சில சுற்றுகளிலேயே தளர்ந்துவிடக்கூடும். அத்தனை சுற்றும் நடக்கவே வேண்டியதில்லை, பின்வாசல் இருப்பது தெரிந்தாலே மூன்றில் இரண்டு பங்கு வெறும் எழுத்தாகிவிடும். அந்த விதியின்கீழ் 2005இல் தேர்வான பதினாறாம் பெனடிக்ட்டே 2007இல் அதை நீக்கி, எத்தனை சுற்றானாலும் மூன்றில் இரண்டுதான் என்று ஆக்கினார். 2025இல் 133 கர்தினால்கள் கூடியபோது 89 வாக்கு தேவைப்பட்டது அதனால்தான்.

நம் பக்கத்திலும் இதே பின்வாசல் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 103ஆம் பிரிவுப்படி, பொதுக்கூட்டத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமைக்கு ஒத்திவைக்கப்படும். அன்றும் அரை மணிக்குள் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். குடியிருப்புச் சங்கங்களில் பலவும் இதைவிட வேகம், அரை மணி ஒத்திவைத்து அதே இடத்தில் மறுபடி கூடுகிறார்கள்.

உங்கள் சங்கத்தின் துணைவிதியை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். 'மூன்றில் இரண்டு பங்கு' என்று எழுதியிருக்கும். எதில் மூன்றில் இரண்டு, மொத்த உறுப்பினரிலா, வந்தவரிலா, வாக்களித்தவரிலா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வந்தவரில் என்றால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரும் எதிர்ப்பாளர், வாக்களித்தவரில் என்றால் அவர் கணக்கிலேயே இல்லை. 200 பேர் உறுப்பினராக இருந்து, 90 பேர் வந்து, 20 பேர் கை தூக்காமல் இருந்தால், இந்த மூன்று வாசகங்களுக்கும் தேவைப்படும் ஆதரவு முறையே 134, 60, 47. எழுதியிருக்காவிட்டால் அடுத்த பொதுக்குழுவிலேயே திருத்தம் கொண்டுவாருங்கள், யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லாத இந்த நேரத்திலேயே.